“சரக்கு வேண்டாம்” என்று ஏழு வாரம் முன்பே சொன்னவர்

ஒப்பந்தம் போட்ட மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை மதியம் போன் வந்தது. பத்தாவது வாரக் கடைசியில் அவருடைய தொழிற்சாலையில் நாங்கள் கொண்டுபோய் இறக்க வேண்டிய 40 டன் கிராப்ட் காகிதம் பற்றிய பேச்சு. அட்டைப்பெட்டி செய்பவர், நான்கு வருடப் பழக்கம், பணம் தாமதமானாலும் வந்துவிடும் என்ற நம்பிக்கை உள்ள ஆள்.

“அந்த நாற்பது டன் எங்களுக்கு வேணாம் சார். எடுக்கப்போறதில்ல. இப்பவே சொல்லிட்டா உங்களுக்கும் வசதிதானே, வேற பார்ட்டியப் பாத்துக்கலாம்.”

நான் சொன்னது: “அதெப்படி சார், கையெழுத்துப் போட்ட ஆர்டர்.” அவர், “நெலம அப்படி” என்று சொல்லி வைத்துவிட்டார். பேச்சு இரண்டு நிமிடம்கூட இல்லை. அதற்குப் பிறகு மூன்று வாரம் நான் செய்ததும் செய்யாமல் விட்டதும்தான் இந்தப் பதிவு. வாங்குபவர் தேதிக்கு முன்பே மறுத்துவிட்டால் விற்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு. நான் ஒரே நேரத்தில் இரண்டிலும் நடக்கப் பார்த்தேன்.

உண்மை விலையை எழுதினால் யார், எப்போது என்பது தெரிந்துவிடும். அதனால் ஒப்பந்த விலையை டன்னுக்கு 100 என்று வைத்துக்கொள்கிறேன். மற்ற எண்களும் அதே விகிதத்தில். மொத்த மதிப்பு 4,000. போன் வந்த அன்று அதே தரக் காகிதத்தின் சந்தை விலை 92. விலை இறங்கிக்கொண்டிருந்தது. அவர் மறுத்ததற்குக் காரணமே அதுதான் என்று இப்போது தெரிகிறது.

அன்று மாலை கோபத்தில் வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி அனுப்பினேன்: “ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். தேதிக்குச் சரக்கு வரும். நீங்கள் எடுத்தே ஆக வேண்டும்.” அவர் பதில் போடவில்லை. ஐந்தாவது வாரம் மில்லுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. வேறொருவர் 12 டன் கேட்டார். 88-க்குக் கொடுத்துவிட்டேன். மிச்சம் 28 டன் குடோனில் நின்றது. ஆறாவது வாரம் விலை 86. அப்போதுதான் வக்கீலிடம் போனேன்.

அந்த வக்கீல் அம்மா முதலில் கேட்டது விலையைப் பற்றி அல்ல. “அவர் வேண்டாம்னு சொன்னதுக்கு எழுத்துல ஏதாவது இருக்கா?” இல்லை. “நீங்க என்ன எழுதினீங்க?” போனைக் காட்டினேன். இரண்டு முறை படித்தார். “பன்னெண்டு டன் வித்தது இதுக்கு முன்னாலயா, பின்னாலயா?” பின்னால். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு நிதானமாக விளக்க ஆரம்பித்தார்.

டெலிவரி தேதி வருவதற்கு முன்பே ஒருவர் “நான் செய்ய மாட்டேன்” என்று அறிவித்துவிட்டால், அதை முன்கூட்டிய ஒப்பந்த மீறல் என்று சட்டம் பார்க்கிறது. இதற்கு மூலமாகச் சொல்லப்படுவது இங்கிலாந்தில் 1853-ல் தீர்ப்பான ஹோக்ஸ்டர் வழக்கு. 1852 ஜூன் 1-ல் பயணத் துணையாளாக வேலைக்குச் சேர வேண்டியவருக்கு, மே 11-ஆம் தேதியே “நீங்கள் வேண்டாம்” என்று தகவல் வந்தது. அவர் ஜூன் வரை காத்திருக்காமல் மே 22-ல் வழக்குப் போட்டார். தேதி வரும் முன்பே எப்படி வழக்கு என்று எதிர்த்தரப்பு வாதாடியது. மறுத்த கணமே மற்றவருக்கு வழக்குத் தொடரும் உரிமை வந்துவிடுகிறது, வராத வேலைக்காகக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கத் தேவையில்லை என்று நீதிமன்றம் சொன்னது.

இந்தியாவில் 1930-ஆம் வருடப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு இதையே விற்பனைக்கு எழுதி வைத்திருக்கிறது. டெலிவரி தேதிக்கு முன்பு ஒரு தரப்பு ஒப்பந்தத்தை மறுத்தால், மற்றத் தரப்பு ஒப்பந்தம் உயிரோடு இருப்பதாகக் கொண்டு தேதி வரை காத்திருக்கலாம். அல்லது ஒப்பந்தம் முடிந்துவிட்டதாகக் கொண்டு நஷ்ட ஈடு கேட்கலாம். 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 39-ஆம் பிரிவில் இன்னொரு வார்த்தை இருக்கிறது. அதுதான் என்னைக் குத்தியது. சொல்லாலோ நடத்தையாலோ ஒப்பந்தம் தொடர்வதற்குச் சம்மதம் காட்டியிருந்தால், அந்த மறுப்பை வைத்து முடிவுக்குக் கொண்டுவர முடியாது.

“உங்க வாட்ஸ்ஆப் இருக்கே, அதுதான் சொல்லால் சம்மதம்” என்றார். “ஒப்பந்தம் உயிரோட இருக்குன்னு நீங்களே எழுதிக் கொடுத்துட்டீங்க. அப்புறம் அதே ஒப்பந்தத்துக்கான சரக்குல பன்னெண்டு டன்ன எடுத்து வித்தீங்க. நாளைக்கு அவர் தரப்புல என்ன சொல்வாங்க? இவர்கிட்ட நாப்பது டன்னே இல்ல, கொடுக்க முடியாத நிலையில இருந்தது இவர்தான்னு சொல்வாங்க.”

உயிரோடு வைத்திருப்பது என்றால் இரண்டு பேருக்கும் உயிரோடு வைத்திருப்பது. இதை நான் அதுவரை யோசித்ததே இல்லை. அவர்தானே தவறு செய்தார், என் பக்கத்தில் இனி என்ன கடமை என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. காத்திருக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தால் பத்தாவது வாரம் 40 டன்னும், சொன்ன தரத்தில், சொன்ன அகலத்தில், என்னிடம் தயாராக இருக்க வேண்டும். நான் சறுக்கினால் அதைக் காட்டி அவர் தப்பித்துக்கொள்ளலாம். அவர் மனம் மாறி எட்டாவது வாரம் “சரி, அனுப்புங்க” என்றால் நான் அனுப்பியே ஆக வேண்டும். நடுவில் வேறு ஏதாவது நடந்து ஒப்பந்தமே செல்லாமல் போனால், அந்த நஷ்டமும் என் தலையில்.

அந்தக் கடைசி ஆபத்துக்கு வக்கீல் அம்மா சொன்ன உதாரணம் 1855-ல் தீர்ப்பான ஏவரி எதிர் பௌடன். சரக்குக் கப்பல் ஒன்று ஒடெசா துறைமுகத்தில் நிற்கிறது. குறித்த நாட்களுக்குள் சரக்கு ஏற்ற வேண்டும். சரக்கு கிடையாது, கிளம்பிப் போகலாம் என்று வாடகைக்கு எடுத்தவர் தரப்பில் கேப்டனிடம் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டார்கள். கேப்டன் போகவில்லை. ஒப்பந்தப்படி சரக்கு கொடுங்கள் என்று நின்றார். நாட்கள் முடிவதற்கு முன்பே கிரிமியப் போர் வெடித்தது. எதிரி நாட்டுத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றுவது சட்டவிரோதம் ஆகிவிட்டது. ஒப்பந்தம் கலைந்தது. கப்பல் சொந்தக்காரருக்கு ஒரு காசு நஷ்ட ஈடு கிடைக்கவில்லை. அந்த மறுப்பை மறுப்பாக எடுத்துக்கொண்டு அன்றே முடித்துக்கொண்டு கிளம்பியிருந்தால் கேட்க ஒரு வழி இருந்திருக்கும். நின்றதால் அதுவும் போயிற்று.

போர் வர வேண்டும் என்பதில்லை. என் குடோனிலேயே ஒரு ஆபத்து நின்றுகொண்டிருந்தது. கிராப்ட் காகிதம் ஈரத்தை உறிஞ்சும். ரீல்களைப் பலகைமேல் நிறுத்தாமல் தரையிலேயே நிறுத்தினால் அடி விளிம்பு முதலில் அலை அலையாக நெளியும். பிறகு அந்தப் பகுதியின் வெடிப்பு வலிமை குறையும். போர்க்லிப்ட்டின் கவ்வி அழுத்திய இடத்தில் ரீல் முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டால் கார்ருகேஷன் மெஷினில் அது சீராகச் சுழலாது. ஏழு வாரம் சும்மா நிற்கும் 40 டன்னில் இதெல்லாம் நடக்கும். தேதி அன்று நான் கொண்டுபோய் இறக்கி, “இந்த மூணு ரீல் சரியில்ல” என்று அவர் சொல்லியிருந்தால் அதையே பிடித்துக்கொண்டிருப்பார்.

சரி, இன்னொரு வழியை எடுப்போம், இன்றே முடித்துக்கொள்வோம் என்றேன். “முதல்ல அவர் மறுத்தது மறுப்புதானான்னு பாக்கணும்” என்றார். இங்கேதான் நிறையப் பேர் விழுகிறார்கள் என்பது அவருடைய அனுபவம். “மார்க்கெட் சரியில்ல, கொஞ்சம் தள்ளிப் போடலாமா?” என்பது மறுப்பு அல்ல, வேண்டுகோள். “இந்த விலைக்கு எடுத்தா எங்களுக்குக் கட்டுபடியாகாது” என்பது புலம்பல். “விலையக் குறைச்சாத்தான் எடுப்போம்” என்பது மறுப்புக்கு மிகப் பக்கத்தில் வருகிறது, ஆனாலும் சொன்ன விதத்தைப் பார்க்க வேண்டும். செய்ய மாட்டேன் என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்க வேண்டும். புலம்பலை மறுப்பு என்று எடுத்துக்கொண்டு “ஒப்பந்தம் முடிந்தது” என்று நாம் கடிதம் அனுப்பினால், ஒப்பந்தத்தை மீறியவர் நாமாகிவிடுவோம். நஷ்ட ஈடு கேட்கும் உரிமை அவர் பக்கம் போய்விடும்.

என் விஷயத்தில் அவர் போனில் சொன்னது தெளிவான மறுப்பு. ஆனால் அதற்குச் சாட்சி இல்லை, அதற்கு மேல் என் வாட்ஸ்ஆப் வேறு. ஆகவே பழைய மறுப்பை விட்டுவிட்டுப் புதிதாக ஒரு மறுப்பை எழுத்தில் வாங்குவது என்று முடிவாயிற்று. அவர் தொடர்ந்து மறுத்துக்கொண்டே இருந்தால், முன்பு நான் ஒப்பந்தத்தை உயிரோடு வைத்திருந்தாலும் அந்தப் புதிய மறுப்பை ஏற்று முடித்துக்கொள்ளலாம். அனுப்பிய மின்னஞ்சல் இது:

> “மேற்கண்ட ஒப்பந்தப்படி 40 டன் கிராப்ட் காகிதத்தைக் குறித்த தேதியில் ஒப்படைக்க நாங்கள் தயாராக இருக்கிறோம். சரக்கை எடுக்கப்போவதில்லை என்று தொலைபேசியில் தெரிவித்தீர்கள். அதுவே உங்கள் இறுதி முடிவா என்பதை வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் எழுத்தில் தெரிவிக்கவும். எங்கள் உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்காமல் இதைக் கேட்கிறோம்.”

“தயாராக இருக்கிறோம்” என்று எழுதும்போது கை நடுங்கியது. கையில் 28 டன்தானே. அதற்கும் வக்கீல் அம்மாவிடம் வழி இருந்தது. எங்கள் ஒப்பந்தம் குறிப்பிட்ட ரீல்களுக்கானது அல்ல, 120 ஜி.எஸ்.எம்., 18 பி.எஃப்., 105 செ.மீ. அகலம் என்ற தரத்துக்கானது. அந்தத் தரத்தில் எந்த ரீலைக் கொடுத்தாலும் ஒப்பந்தம் நிறைவேறும். மில்லிடம் 12 டன் ஐந்து நாளில் கிடைக்குமா என்று கேட்டு, கிடைக்கும் என்று தேதியோடு ஒரு கொட்டேஷன் வாங்கி வைக்கச் சொன்னார். டெலிவரிக்கு நான்கு வாரம் இருந்தது. ஆகவே நான் கொடுக்க முடியாத நிலையில் இல்லை என்று காட்ட அந்த ஒரு தாள் இருந்தது. ஒரே ஒரு ரகம், அவருக்கென்றே வெட்டிய அகலம் என்று இருந்திருந்தால் இந்த வாதம் நின்றிருக்காது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பதில் வந்தது. ஒரே வரி: “முன்பே சொன்னதுதான், சரக்கை எடுக்கும் எண்ணம் இல்லை.” அன்று மாலையே இரண்டாவது கடிதம் போயிற்று. அவருடைய மறுப்பை ஒப்பந்தத்தை முறித்ததாக ஏற்றுக்கொள்கிறோம், ஒப்பந்தம் இன்றோடு முடிந்தது, சரக்கைச் சந்தையில் விற்போம், குறையும் தொகையையும் ஆகும் செலவையும் உங்களிடம் கோருவோம். இவ்வளவுதான்.

இந்த இரண்டாவது கடிதத்தை எழுதாமல் விடுபவர்கள் அதிகம். மறுத்தாயிற்று, வேறு ஆளுக்கு விற்றாயிற்று, இனி என்ன என்று போய்விடுகிறார்கள். மறுப்பு தானாக ஒப்பந்தத்தை முடிப்பதில்லை. மற்றவர் அதை ஏற்க வேண்டும், ஏற்றது அவருக்குத் தெரிய வேண்டும். வைட்டோல் எதிர் நோரெல்ஃப் என்ற வழக்கு 1996-ல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை வரை போனது. புரோப்பேன் எரிவாயுச் சரக்கு. வாங்குபவர் டெலெக்ஸில் மறுத்தார். விற்றவர் பதிலே போடாமல், செய்ய வேண்டிய அடுத்த வேலையையும் செய்யாமல், விலை பாதிக்கும் கீழே இறங்கிய சந்தையில் வேறு ஆளுக்கு விற்றார். பேசாமல் இருந்ததே மறுப்பை ஏற்றதாக ஆகுமா என்பதுதான் கேள்வி. ஆகலாம் என்று கடைசியில் தீர்ப்பு வந்தது. ஆனால் அதைச் சொல்ல ஐந்து வருடமும் பல படிகளும் ஆயின. இரண்டு வரிக் கடிதத்துக்கு நான் இவ்வளவு மதிப்பு கொடுப்பது அதனால்தான்.

அந்தக் கடிதம் போன பிறகு திரும்பி வர முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். மறுநாள் காகித விலை 110-க்கு ஏறி, அவர் ஓடி வந்து “எடுத்துக்கறேன்” என்றாலும் நான் கொடுக்க வேண்டியதில்லை. அதேபோல எனக்குப் புதிதாக ஒரு கடமையும் வந்துவிடுகிறது. நஷ்டத்தைக் குறைக்க நியாயமான முயற்சி செய்ய வேண்டும். முடித்துக்கொண்ட பிறகு சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு விலை ஏறுமா என்று பார்ப்பது என் சொந்த ஊகம். இறங்கினால் அந்த இறக்கத்தை அவர் தலையில் போட முடியாது. ஏறினால் லாபம் என்னுடையது. பங்குப் பத்திரங்கள் பற்றிய ஜமால் எதிர் மூலா தாவூத் வழக்கில் பிரிவி கவுன்சில் 1915-ல் இதைத்தான் சொன்னது. மீறல் நடந்த நாளின் விலை வித்தியாசம்தான் கணக்கு. அதற்குப் பிறகு விற்பவர் வைத்திருந்து விற்றதில் வந்த லாப நஷ்டம் அவரோடு.

ஆகவே மூன்று பேரிடம் எழுத்தில் விலை கேட்டேன். மூன்று பதில்களையும் பத்திரப்படுத்தினேன். பத்து நாளில் 28 டன்னும் சராசரி 85-க்குப் போயிற்று. கணக்கு இப்படி வந்தது. 28 டன்னில் டன்னுக்கு 15 வீதம் 420. முன்பே விற்ற 12 டன்னில் டன்னுக்கு 12 வீதம் 144. ஆக 564. புரோக்கர் கமிஷன் 22. புதிய ஆட்களுக்கு அனுப்பிய லாரி வாடகை 50. கூட்டினால் 636. ஆனால் பழைய ஒப்பந்தப்படி அவர் தொழிற்சாலை வரை லாரி வாடகை என்னுடையது. அந்த 80 எனக்கு மிச்சம். அதைக் கழித்தால் 556. இந்தக் கழித்தலை நான் மறந்தே போயிருந்தேன். வக்கீல் அம்மாதான் போடச் சொன்னார். நாமே போட்டுவிட்டால் மீதிக் கணக்கை அவர்கள் நம்புவார்கள் என்றார். அப்படியே நடந்தது. லாரி வாடகையைப் பற்றி எதிர்த்தரப்பில் ஒரு கேள்விகூட வரவில்லை.

அவர்கள் பிடித்த இடம் வேறு. மூன்றாவது வாரம் சொன்னபோதே விற்றிருந்தால் 92 கிடைத்திருக்கும், நஷ்டம் டன்னுக்கு 8 வீதம் 320 மட்டும்தான், மற்றது உங்கள் தாமதம் என்றார்கள். இதற்குப் பதில் இருந்தது. மறுப்பை ஏற்காதவரை ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது. உயிரோடு இருக்கும் ஒப்பந்தத்தில் நஷ்டத்தைக் குறைக்கும் கடமை இன்னும் பிறக்கவில்லை. 1902-ல் நிலக்கரி விற்பனை வழக்கு ஒன்றில், எடுக்க மாட்டேன் என்ற வாங்குபவர் தானே வேறொரு ஆளைக் காட்டி அவருக்கு விற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லியும் விற்பவர் கேட்கவில்லை. விலை இறங்கிய பிறகு முழு வித்தியாசமும் அவருக்குக் கிடைத்தது. சட்டம் என் பக்கம்தான். ஆனால் உயிரோடு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே 12 டன் விற்ற என்னால் இந்த வாதத்தை நிமிர்ந்து நின்று சொல்ல முடியவில்லை. ஐந்து மாதம் இழுத்து, 430-க்குச் சமரசம் ஆயிற்று. இரண்டு தவணையில் வந்தது.

வீட்டுக்கு வந்து ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது வாரமே முடித்துக்கொண்டு சராசரி 91-க்கு விற்றிருந்தால், கையில் 3,640 ரொக்கம், அவரிடம் கேட்க வேண்டியது 360. நான் செய்தபடி கையில் 3,436, கேட்க வேண்டியது 564. பத்தாவது வாரம் வரை ஒழுங்காகக் காத்திருந்தால் அன்றைய சந்தை 80. கையில் 3,200, கேட்க வேண்டியது 800. லாரியையும் கமிஷனையும் விட்டுவிட்டுப் பார்த்தால், மூன்றிலும் கூட்டுத்தொகை அதே 4,000. சட்டம் எந்த வழியில் போனாலும் 4,000-க்கு உரிமை தருகிறது. மாறுவது ஒன்றுதான்: அதில் எவ்வளவு என் பெட்டிக்குள் இருக்கிறது, எவ்வளவு அவர் பெட்டிக்குள் இருக்கிறது என்பது. விலை இறங்கும் சந்தையில் காத்திருந்தால் என் பணம் வாரா வாரம் அவர் பெட்டிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஒப்பந்தத்தை மதிக்காத ஆளிடம் 800-ஐக் கேட்டு வாங்குவது 360-ஐக் கேட்டு வாங்குவதைப் போல இரண்டு மடங்கு கஷ்டமல்ல, அதைவிட மிக அதிகம். அவர் நொடித்துப்போய் மறுத்திருந்தால் 800 என்பது வெறும் எண்.

விலை ஏறும் சந்தையில் காத்திருப்பது இன்னும் மோசமான பேரம். எட்டாவது வாரம் சந்தை 105-க்குப் போகிறது என்று வையுங்கள். ஒப்பந்தம் உயிரோடு இருப்பதால் அவர் மறுப்பைத் திரும்பப் பெற்று 100-க்கே எடுத்துக்கொள்வார். ஏறினால் வருவேன், இறங்கினால் வரமாட்டேன் என்ற வசதியை நான் அவருக்கு இலவசமாகக் கொடுத்து உட்கார்ந்திருப்பேன்.

அப்படியானால் காத்திருப்பதில் பொருளே இல்லையா? உண்டு. சரக்கு வேறு யாருக்கும் எளிதில் விற்காது, வாங்குபவர் வசதியானவர், அவர் கோபத்தில் சொன்னார், மேலிடத்தில் பேசினால் மாறுவார் என்று தோன்றினால் சில நாள் பொறுக்கலாம். ஆனால் “எங்கள் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல்” என்று எழுதிவிட்டுப் பொறுக்க வேண்டும். முடிவெடுக்க நியாயமான அவகாசத்தைச் சட்டம் தருகிறது. அந்த அவகாசத்துக்குள் “எடுத்தே ஆக வேண்டும்” என்று எழுதிவிடக் கூடாது.

குடோனில் ரீலாக நிற்கும் காகிதத்துக்கு இதெல்லாம் சரி. வாங்குபவரின் பெயரையும் சின்னத்தையும் அச்சிட்டுச் செய்யும் பெட்டிகள் என்றால் கணக்கு வேறு. எங்களிடமிருந்து காகிதம் வாங்கும் ஒரு நண்பருக்கு இது நடந்தது. 20,000 பெட்டி ஆர்டர், 6,000 அச்சாகியிருந்தபோது “வேண்டாம்” என்று எழுத்தில் கடிதம் வந்தது. அவர் மீதி 14,000-ஐயும் அச்சடித்து அடுக்கிவிட்டு முழு விலையையும் கேட்கலாம் என்று நினைத்தார். அவருக்கு யாரோ 1961-ல் தீர்ப்பான வைட் அண்ட் கார்ட்டர் வழக்கைச் சொல்லியிருந்தார்கள். குப்பைத் தொட்டிகளில் விளம்பரப் பலகை மாட்டும் நிறுவனம், ஒப்பந்தம் போட்ட அன்றே வாடிக்கையாளர் ரத்து செய்தும் கேட்காமல் மூன்று வருடம் விளம்பரத்தை மாட்டி வைத்து முழுத்தொகையும் கேட்டது, மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வென்றது. ஆனால் அங்கே எதிராளியின் ஒத்துழைப்பே இல்லாமல் வேலையை முடிக்க முடிந்தது. சரக்கு விற்பனையில் வாங்குபவர் கையில் வாங்கினால்தான் வேலை முடியும். சரக்கின் உடைமை அவருக்கு மாறாதவரை விற்பவர் பொதுவாக விலையைக் கேட்க முடியாது, நஷ்ட ஈடுதான் கேட்கலாம். யாருக்கும் விற்காத பெட்டியை மறுப்புக்குப் பிறகும் அடித்துக்கொண்டே போனால் அந்தக் காகிதமும் மையும் கூலியும் அவரே வலிய ஏற்படுத்திக்கொண்ட நஷ்டம். அவர் மெஷினை நிறுத்தினார், மறுப்பை ஏற்றுக் கடிதம் எழுதினார். முழு விலையிலிருந்து மிச்சமான காகிதம், மை, கூலியைக் கழித்தார், 6,000 பெட்டியைக் கழிவுக் காகிதமாக விற்ற தொகையையும் கழித்தார். மீதியைக் கேட்டு வாங்கினார். அச்சுத் தகடு செய்த செலவு முழுவதும் அதில் அடங்கியது.

இன்னொரு சிறு விஷயம், ஆனால் பெரிய இழப்பைத் தரக்கூடியது. சரக்கைப் பிரித்து வைத்து, அவர் பெயர் எழுதி ஒட்டி, அவர் ஆளும் வந்து பார்த்துச் சம்மதித்துவிட்டால் உடைமை அவருக்கு மாறியிருக்கலாம். அப்போது பணம் வராததால் சரக்கைப் பிடித்து வைத்திருக்கும் உரிமையில்தான் நாம் நிற்கிறோம். சீக்கிரம் கெடக்கூடிய பொருளாக இல்லாவிட்டால், மறுவிற்பனைக்கு முன்பு அவருக்கு நோட்டீஸ் கொடுத்து நியாயமான அவகாசம் தர வேண்டும். இந்தியச் சட்டத்தின் 54-ஆம் பிரிவுப்படி நோட்டீஸ் இல்லாமல் விற்றால் குறையும் தொகையைக் கேட்க முடியாது, கூடுதலாக வந்த லாபமும் அவருக்குப் போய்விடும். எங்கள் ரீல்களில் அப்படி எந்தப் பெயரும் ஒட்டப்படவில்லை. அதற்கு என் கவனம் காரணமல்ல. குடோன் பையன் இன்னும் லேபிள் அடிக்கவில்லை, அவ்வளவுதான்.

சென்ற வருடம் மறுபடியும் அதே மாதிரி ஒரு போன் வந்தது. வேறொருவர், 25 டன், டெலிவரிக்கு ஐந்து வாரம் இருந்தது. “எடுக்க முடியாது போலிருக்கு சார்” என்றார். போலிருக்கு என்ற அந்த வார்த்தையை நோட்டில் அப்படியே எழுதினேன், மணியோடு. “சரி சார், இப்ப நாம பேசினத நான் மெயில்ல போடறேன், நீங்க அதுக்குப் பதில் போட்டுருங்க” என்று மட்டும் சொன்னேன். சந்தை விலை என்ன என்று பார்க்கக்கூட இல்லை, முதலில் மின்னஞ்சலை அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் காலை அவரே கூப்பிட்டார்.

“மெயில் பாத்தேன் சார். எங்க அண்ணன்கிட்டப் பேசினேன். எடுத்துக்கறோம். ஆனா ரெண்டு லோடா, பத்து நாள் இடைவெளியில அனுப்புவீங்களா?”

அனுப்புகிறேன் என்றேன். இரண்டாவது லோடின் தேதியையும், அந்தப் பத்து நாள் குடோன் வாடகை யாருடையது என்பதையும் சேர்த்து ஒரு மின்னஞ்சல் போடச் சொன்னேன். மதியத்துக்குள் வந்தது.